"இரகசியம் பேணப்படும்" என்றால் யார் பேணுவது? நேர்காணல் ஆய்வின் நெறிமுறைப் பகுதியைத் திருத்தி எழுதுதல்

இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, எனக்குத் தங்கச்சி முறை, போன மாதம் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பன்னிரண்டு பெண்களிடம் பேசி ஓர் ஆய்வு செய்யப்போகிறாள். அவளுடைய ஆய்வு முன்மொழிவை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியிருந்தது. "நெறிமுறைப் பகுதி போதாது, திருத்தி எழுதவும்" என்று ஒரே ஒரு வரி. என்ன போதாது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

> பங்குபற்றுநர்களின் சம்மதம் பெறப்படும். அவர்களின் அநாமதேயம் பேணப்படும். தரவுகள் பாதுகாப்பாகச் சேமிக்கப்படும். ஆய்வினால் பங்குபற்றுநர்களுக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது.

நெறிமுறைப் பகுதி என்பது ஓர் ஆய்வாளர் தான் பேசப்போகும் மனிதர்களுக்குத் தன்னால் என்னென்ன கெடுதி வரலாம், அதைத் தவிர்க்கத் தான் என்ன செய்யப்போகிறார் என்று எழுதிக்கொடுக்கும் பகுதி. இந்த நான்கு வரியில் அது எதுவும் இல்லை. காரணம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது: பெறப்படும், பேணப்படும், சேமிக்கப்படும். யார் பெறுவது, எங்கே சேமிப்பது? "-படும்" என்று முடித்துவிட்டால் செய்பவர் காணாமல் போய்விடுகிறார். "ஒவ்வொரு வரியையும் 'நான்' என்று தொடங்கி, '-வேன்' என்று முடித்துப் பார்" என்றேன். "சம்மதம் பெறுவேன்" என்று எழுதினாள். அடுத்த நிமிடமே, "அக்கா, யாருகிட்ட? எங்க வச்சு?" என்று அவளே கேட்டாள். திருத்தம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் சம்மதம். தோட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பெரிய துரை கடிதம் கொடுப்பார். அதைப் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டுச் சம்மதம் கிடைத்தாயிற்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கடிதம் வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பெண் பேசச் சம்மதிக்கிறாளா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இன்னொரு வழி தோட்டத் தலைவர் மூலம் போவது. அது சுலபம். அவர் ஒரு சத்தம் போட்டால் அரை மணி நேரத்தில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். சிக்கலும் அதுதான். நாளைக்கு ஒரு வழக்கு, வீட்டுப் பிரச்சினை, சம்பளப் பிடிப்பு என்றால் அதே தலைவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் அனுப்பி வந்தவள் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வாளா? வாயால் 'சரி' என்பாள். அதைச் சம்மதம் என்று கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே திருத்திய பகுதியில் தங்கச்சி, தலைவரிடமும் நிர்வாகத்திடமும் ஆய்வைப் பற்றித் தெரிவிப்பேன், ஆனால் பெயர்ப் பட்டியல் கேட்க மாட்டேன், யார் பேசினார்கள் என்று அவர்களுக்குச் சொல்லவும் மாட்டேன் என்று எழுதினாள். பெண்களைத் தானே சந்தித்து விளக்குவாள். அன்றே பதில் கேட்க மாட்டாள். இரண்டு நாள் கழித்து, விருப்பமானவர்கள் அவளுடைய போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும். வராத அழைப்புக்குக் காரணம் கேட்பதில்லை.

அடுத்தது கையெழுத்து. குழுக்களுக்குச் சம்மதப் படிவம் என்றால் அடியில் ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். மலையகத்தில் காகிதத்துக்கு வேறொரு கதை இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகும் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும், விண்ணப்பத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை வைத்தே ஒரு குடும்பம் இங்கேயா இந்தியாவிலா என்று முடிவான காலம் ஒன்று இருந்தது. அந்த நினைவு வயதானவர்களோடு போய்விடவில்லை. வெளிநாடு போய் வந்த பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏஜென்சியில் புரியாத மொழியில் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்துப் பட்ட பாடு. அவர்களிடம் போய் இரண்டு பக்கத் தாளை நீட்டி "இதில் ஒரு பெருவிரல் வையுங்கள்" என்றால், மறுக்கும் உரிமையைக் காப்பதாக நினைத்துக்கொண்டு பயத்தைத்தான் கொடுப்போம்.

இதற்கு வாய்மொழிச் சம்மதம் என்ற வழி இருக்கிறது. தகவல் தாளை வாசித்துக் காட்டி, அவர் சம்மதிப்பதை ஒலிப்பதிவு செய்வது. குழுக்கள் பொதுவாக இதை ஏற்கும், ஆனால் ஏன் கையெழுத்து இல்லை என்று காரணம் எழுத வேண்டும். ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தப்பிவிடும்: அந்தப் பதிவில் பெயரைச் சொல்லச் சொல்லக்கூடாது. சொன்னால் அவருடைய குரலும் பெயரும் ஒரே கோப்பில் சேர்ந்துவிடும். "இலக்கம் மூன்று, சம்மதம்" என்றால் போதும். நேர்காணலை வேறு கோப்பாகப் பதிய வேண்டும்.

புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சிச்சு" என்பார்கள். அந்தக் கேள்வியால் பிரயோசனமில்லை. திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். நான் படித்த காலத்தில் ஓர் அக்காவிடம் அரை மணி நேரம் விளக்கிவிட்டு, "நான் போன பிறகு பக்கத்து வீட்டில, அந்தப் பிள்ளை எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். "சம்பளம் தராம அனுப்பினவன்கிட்ட காச வாங்கித் தர மிஸ் வந்திருக்காங்கன்னு சொல்வேன்" என்றார். நான் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் தாளும் பேனாவுமாக லயனுக்கு வருபவர்கள் வழக்கமாக எதையாவது வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் வருகிறார்கள். அவர் அந்த எதிர்பார்ப்போடு தந்திருக்கும் சம்மதம் எனக்குத் தந்ததல்ல, அந்தக் காசுக்குத் தந்தது. மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். அதன் பிறகும் அவர் பேசினார். ஆனால் வேறு மாதிரிப் பேசினார்.

தங்கச்சியின் திருத்திய பகுதியில் இப்படி வந்தது:

> தகவல் தாளைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஆய்வின் நோக்கம், தன் பங்கு, இதனால் பணமோ இழப்பீடோ கிடைக்காது என்பது ஆகிய மூன்றையும் பங்குபற்றுநர் தன் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே பதிவைத் தொடங்குவேன். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம், இடையில் நிறுத்தலாம். நேர்காணல் முடிந்து 14 நாட்களுக்குள் சொன்னால் அவருடைய பதிவை முழுவதுமாக அழிப்பேன்.

ஏன் 14 நாள்? "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதுவது நல்ல மனசு, ஆனால் பொய். பன்னிரண்டு பேருடைய பேச்சும் ஆய்வில் கலந்து, அத்தியாயமாகி, சமர்ப்பித்த பிறகு ஒருவருடையதை உருவி எடுக்க முடியாது. முடியக்கூடிய திகதியைச் சொல்வதுதான் நேர்மை. 14 என்பது விதியல்ல. உங்கள் பகுப்பாய்வு எப்போது தொடங்குகிறதோ அதற்கு முன்னால் ஒரு நாளை வையுங்கள்.

இனி அநாமதேயம். இந்தச் சொல்லையே அவளை வெட்டச் சொன்னேன். அநாமதேயம் என்றால் பேசியவர் யார் என்று ஆய்வாளருக்கும் தெரியாது. பெயரில்லாத வினாக்கொத்தைப் பெட்டியில் போடுவது அப்படி. முகத்துக்கு முகம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசியவளுக்கு அதைக் கொடுக்க முடியாது. அவளுக்குத் தரக்கூடியது இரகசியம் பேணல்: "நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், வாசிப்பவர்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்வேன்." இரண்டையும் மாற்றி எழுதுவதைக் குழு முதல் பார்வையிலேயே பிடித்துவிடும்.

சரி, வாசிப்பவர்களுக்குத் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? "புனைபெயர் வைப்பேன்" என்றாள். நான் ஒரு மேற்கோளை இட்டுக்கட்டிக் காட்டினேன்: "மலர் (புனைபெயர்), 34 வயது, இரட்டைப் பிள்ளைகளின் தாய், மேல் பிரிவு, குவைத்தில் மூன்று வருடம் இருந்து கை உடைந்து திரும்பியவர்." கொழும்பில் வாசிப்பவருக்கு இவர் யாரோ ஒரு மலர். அந்தத் தோட்டத்து மேல் பிரிவில் இருப்பவர் முதல் வரியிலேயே "ஆ, இது நம்ம அவ" என்பார். இரட்டைப் பிள்ளை பெற்று, குவைத் போய், கை உடைந்து வந்தவர் ஒரு பிரிவில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒவ்வொரு விவரமும் தனியாகச் சாதாரணமானது. எல்லாம் சேர்ந்தால் அடையாள அட்டை.

அதனால் வாசகர் யார் என்று மனதில் வைத்துத் திருத்த வேண்டும். பேராசிரியரை விடுங்கள். பக்கத்து லயன் அக்கா, கணவர், கணக்கப்பிள்ளை, இவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்தை வாசித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் எந்த விவரம் ஆய்வுக்கு வேண்டும் என்று பார்த்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மங்கலாக்கலாம். தங்கச்சியின் ஆய்வு திரும்பி வந்தவர்களின் உடல்நலத்தைப் பற்றியது. ஆகவே கை உடைந்தது இருக்க வேண்டும். குவைத் "வளைகுடா நாடொன்று" ஆகலாம், 34 "முப்பதுகளில்" ஆகலாம், இரட்டைப் பிள்ளைகள் வெறும் "பிள்ளைகள்" ஆகலாம். தோட்டத்தின் பெயரும் பிரிவும் போய், "நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்று" போதும். ஆனால் விவரத்தைப் பொய்யாக மாற்றக்கூடாது. குவைத்தைச் சவூதி ஆக்கினால் அது தரவைத் திரிப்பது.

இன்னும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஆளுக்கொரு வரி போட்ட பங்குபற்றுநர் அட்டவணை ஒன்று ஆய்வறிக்கைகளில் வழக்கமாக வரும். வயது, பிள்ளைகள், போன நாடு, போன ஆண்டு என்று. மேற்கோளில் மறைத்ததெல்லாம் அங்கே பளிச்சென்று இருக்கும். அதற்குப் பதில் "பன்னிரண்டு பேரில் ஏழு பேர் முப்பதுகளில் இருப்பவர்கள்" என்று மொத்தமாகச் சொல்லலாம். மற்றது ஒரே புனைபெயரின் கீழ் வரும் எல்லா மேற்கோள்களையும் வாசகர் கோத்துக்கொள்வது. நான்காம் அத்தியாயத்தில் மலரின் கணவர் குடிப்பது, ஐந்தாம் அத்தியாயத்தில் மலரின் தங்கை திருமணம் என்று கோத்தால் ஆள் முழுசாக நிற்பார். கணவரைப் பற்றியோ நோயைப் பற்றியோ சொன்ன மேற்கோளுக்குப் புனைபெயரே போடாமல் "ஒரு பங்குபற்றுநர்" என்று விடுவது நல்லது.

பிறகு நன்றியுரை. என் ஆய்வில் நான் செய்த தவறு இது. உள்ளே தோட்டத்தின் பெயரைப் பத்து இடத்தில் மறைத்துவிட்டு, முதல் பக்கத்தில் தோட்டத் தலைவருக்கும், கிராம அலுவலருக்கும், "என்னோடு பேசிய அந்தத் தோட்டத்து அக்காமாருக்கும்" பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர்தான் கண்டுபிடித்தார். பின்னிணைப்பில் வரைபடமும் லயன் படமும் போடுவதும் இதே கதைதான்.

இந்த ஆய்வுக்கே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 2013 இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரை வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக விடவில்லை. பின்னர் அது தளர்ந்தது. அந்தக் காலத்தில் பிள்ளையின் வயதை மாற்றிச் சொல்லியோ, சுற்றுலா விசாவிலோ போனதாக ஒரு பெண் பேச்சுவாக்கில் சொல்லக்கூடும். அது அவரைச் சிக்கலில் மாட்டக்கூடிய தகவல். ஆகவே திருத்திய பகுதியில் ஒரு வரி: போன வழியைப் பற்றி நான் கேட்க மாட்டேன், அவராகச் சொன்னால் எழுத்தாக்கத்தில் அந்தப் பகுதியை நீக்குவேன். வாக்குறுதியின் எல்லையையும் சம்மதம் கேட்கும்போதே சொல்ல வேண்டும்: ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் பேசாமல் இருக்க முடியாது. சிறுவர் உதவி இலக்கம் 1929. இதைக் கேட்ட பிறகு எவ்வளவு சொல்வது என்று அவர் முடிவு செய்துகொள்ளலாம்.

தரவுச் சேமிப்பில் ஆலோசனை எளிது, ஒழுகும் இடம்தான் நமக்குத் தெரியாது. "கடவுச்சொல் உள்ள மடிக்கணினியில் வைப்பேன்" என்று தங்கச்சி எழுதியிருந்தாள். ஒலிப்பதிவு மடிக்கணினிக்கு வருவதற்கு முன்னால் எங்கேயெல்லாம் போகிறது என்று அவளிடம் கேட்டேன். போனில் பதிவாகிறது. போன் தானாகவே கூகுள் கணக்குக்குப் பிரதி எடுக்கும்படி அமைந்திருக்கலாம். வீட்டில் தம்பி அந்தப் போனில் கேம் விளையாடுகிறான். எழுத்தாக்க நேரமில்லை என்று மைத்துனிக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப யோசித்திருந்தாள். அனுப்பினால் அவளுடைய போனிலும் மைத்துனியின் போனிலும் ஒவ்வொரு பிரதி. குரல் என்பது பெயரை விடத் தெளிவான அடையாளம். ஊரில் யாரும் கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள்.

திருத்தத்தில் ஒலியின் பயணத்தை நாளும் இடமும் போட்டு எழுதினாள். பதியும்போது போன் விமான நிலையில் இருக்கும், தானியங்கிப் பிரதி நிறுத்தப்பட்டிருக்கும். அன்றிரவே கோப்பை மடிக்கணினியில் குறியாக்கம் செய்த கோப்புறைக்கு மாற்றி, போனிலிருந்தும் அதன் குப்பைக்கூடையிலிருந்தும் அழிப்பாள். எழுத்தாக்கத்தை அவளே செய்வாள். எழுத்தாக்கத்தை மேற்பார்வையாளர் சரிபார்த்தவுடன் ஒலியை அழிப்பாள். கோப்பின் பெயரில் ஆளின் பெயரோ தோட்டமோ இருக்காது:

```
P03_audio.m4a
P03_text.docx
```

P03 யார் என்ற பட்டியல் கணினியில் இருக்கவே கூடாது. ஒரே தாளில் எழுதி, பல்கலைக்கழகத்தில் மேற்பார்வையாளரின் பூட்டிய அலமாரியில். மடிக்கணினி திருட்டுப் போனாலும் தாள் அங்கே இருக்கும், தாளைப் பார்த்தவரிடம் பேச்சு இருக்காது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பெயரைப் பகுதியில் போட்டுவிட்டு இந்தப் படிகளை எழுதாமல் விட்டால் குழு ஏமாறாது.

கடைசி வரி, "எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது." அடிபட்டுத் திரும்பிய ஒரு பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்கப்போகிறோம். பாதிப்பு ஏற்படாது என்று எப்படிச் சொல்வது? மன உளைச்சல் வரலாம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் எழுத வேண்டும்.

இடத்தில் தொடங்குவோம். லயன் சுவர் மெல்லியது. அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். தங்கச்சி அதைக் கேட்டுப் பார்க்க முடிவு செய்தாள். வேலை நாளில் நேர்காணல் வைத்தால் ஒருவருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும் என்பதும் ஞாயிறுக்கு ஒரு காரணம். பேசும்போது யாராவது உள்ளே வந்தால் மாறிக்கொள்ள ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பாள்: "தோட்டத்தில என்ன மரக்கறி போட்டிருக்கீங்க?" இதையும் பகுதியில் எழுதச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் எழுதினாள்.

பேச்சின் நடுவே அழுகை வந்தால் மட்டுமல்ல. ஒற்றைச் சொல்லில் பதில் சுருங்குவது, கை நடுங்குவது, திடீரென்று எங்கோ பார்த்துக்கொண்டு பேச்சு நின்றுபோவது, இவையும் அடையாளங்கள். அப்போது முதல் வேலை ரெக்கோர்டரை நிறுத்துவது. கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. பிறகு மூன்று தெரிவுகளை அவர் முன்னால் வைப்பது: கொஞ்சம் பொறுத்துத் தொடரலாம், வேறு விஷயத்துக்குப் போகலாம், இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆய்வாளர் தானாகவே நிறுத்திவிடுவதும் சரியில்லை. சிலருக்கு அழுதுகொண்டே சொல்லி முடிக்க வேண்டும். ஆறுதல் சொல்லலாம், ஆலோசகராக மாறக்கூடாது, அதற்கு நமக்குப் பயிற்சி இல்லை.

"தேவைப்படின் உளவளத் துணைக்கு அனுப்பப்படுவர்" என்று எழுதுவது வழக்கம். மறுபடி "-படுவர்". எங்கே, எந்த பஸ்ஸில்? தங்கச்சி அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்டாள். பஸ் காசை ஆய்வுச் செலவில் சேர்த்தாள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டுக்கும் அவளே அழைத்து, தமிழில் பதில் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். நீங்கள் அழைத்துப் பார்க்காத இலக்கத்தை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். தோட்டத்து மிட்வைப் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அந்தத் தோட்டத்துக்காரர். அவரிடம் போவதா என்பது பெண்ணின் முடிவு.

இலக்கங்களை எழுதிக் கொடுக்கும் தாளிலும் ஒரு கண் வேண்டும். வீட்டில் அடி வாங்கும் ஒருத்தியின் முந்தானையில் 1938 மட்டும் எழுதிய துண்டு சிக்கினால் அதுவே இன்னோர் அடி. திருத்திய வடிவம் இப்படி:

> பள்ளிக்கூடம், தபால் நிலையம், கிளினிக், உதவி இலக்கங்கள் எல்லாம் கலந்த ஒரு தொலைபேசித் தாளை எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டுவேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோவது பாதுகாப்பா என்று கேட்ட பிறகே கொடுப்பேன். பாதுகாப்பில்லை என்றால் இலக்கத்தை வாயால் சொல்வேன். மறுநாள் அழைக்கலாமா, எந்த நேரத்தில் என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் ஒருமுறை அழைத்து விசாரிப்பேன்.

ஆய்வாளருக்கும் உளைச்சல் வரும். தங்கச்சியின் சொந்தச் சித்தி ரியாத்திலிருந்து அடிபட்டுத்தான் திரும்பினார். ஒரு நாளைக்கு ஒரு நேர்காணலுக்கு மேல் வைக்க மாட்டேன், ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு மேற்பார்வையாளரோடு பெயர் சொல்லாமல் பேசுவேன் என்று இரண்டு வரி சேர்த்தாள். நான் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே எழுதியது அது மட்டும்தான்.

நான்கு வரி ஒன்றரைப் பக்கமானது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. இம்முறை ஒரே ஒரு கேள்வி: அலமாரியில் இருக்கும் பெயர்த் தாளை எப்போது, யார் அழிப்பது? அதை மறந்துவிட்டோம். "ஆய்வறிக்கை ஏற்கப்பட்ட நாளில், மேற்பார்வையாளர் முன்னிலையில் நானே கிழித்து எரிப்பேன்" என்று எழுதி அனுப்பினாள்.